ரோல்-அப் ஸ்டாண்டியில் செய்தியை எந்த உயரத்தில் வைப்பது? மூன்று அமைப்புகளின் ஒப்பீடு

கண்காட்சியில் ஸ்டால் எடுத்தவர், அடிப்பெட்டியிலிருந்து மேலே இழுத்து நிறுத்தும் விளம்பரத் தாளான ரோல்-அப் ஸ்டாண்டிக்காக டிசைனரிடம் போனால், பெரும்பாலும் மூன்று மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒன்றில் லோகோ பெரிதாக மேலே இருக்கும், படம் நடுவில், செய்தியும் தொலைபேசி எண்ணும் அடியில். இன்னொன்றில் செய்தி மேல்பகுதியின் நடுவே இருக்கும். மூன்றாவதில் செய்தி உச்சியிலேயே தொடங்கிவிடும். கணினித் திரையில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும். எதை எடுப்பது என்ற குழப்பமும் அதனால்தான் வருகிறது.

திரையில் நாம் ஒரு முழுத் தாளைப் பார்க்கிறோம். அரங்கில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அங்கே ஸ்டாண்டி தரையில் நிற்கிறது. அதன் முன்னால் மேசை, நாற்காலி, அட்டைப்பெட்டி, ஆட்கள் எல்லாம் இருக்கின்றன. ஆகவே வடிவமைப்பை மேலிருந்து கீழாக அளக்காமல், தரையிலிருந்து மேலாக அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் அதிகம் புழங்கும் 6 அடி உயர, 3 அடி அகல ஸ்டாண்டி. 5 அடிக்கும் 2 மீட்டருக்கும் கணக்கு எப்படி மாறும் என்பது பின்னால் வருகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும்.

1. நடந்துபோகிறவர் தலையைத் தூக்காமல், குனியாமல் பார்க்கும்போது கண்ணில் படுவது எது?
2. ஸ்டாண்டியின் முன்னால் பொருளோ ஆளோ இருக்கும்போது எது மிஞ்சும்?
3. அடிப்பெட்டிக்குள் சில செ.மீ. கூடுதலாகப் போய்விட்டால் எது கெடும்?
4. அடுத்த கண்காட்சிக்கும் இதே அச்சைப் பயன்படுத்த முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. நம் ஊரில் நிற்கும் பெரியவர்களில் பெரும்பாலானோரின் கண், செருப்போடு சேர்த்து, தரையிலிருந்து சுமார் 140 முதல் 160 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும். நடுவில் 150 என்று வைத்துக்கொண்டால் கணக்குக்கு வசதி. சக்கர நாற்காலியில் வருபவருக்கு இது சுமார் 115 செ.மீ.

இரண்டாவது கேள்விதான் அதிகம் தவறவிடப்படுவது. பார்ப்பவர் ஸ்டாண்டியிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்கிறார், கண் 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். ஸ்டாண்டிக்கு ஒரு மீட்டர் முன்னால் ஸ்டாலின் மேசை. அதன் உயரம் 75 செ.மீ. கண்ணிலிருந்து மேசை விளிம்புவரை 3 மீட்டர் தூரத்தில் பார்வைக்கோடு 75 செ.மீ. இறங்குகிறது, அதாவது மீட்டருக்கு 25 செ.மீ. அடுத்த ஒரு மீட்டரில் இன்னொரு 25 இறங்கி, ஸ்டாண்டியை 50 செ.மீ. உயரத்தில் தொடும். அதற்குக் கீழே உள்ளது தெரியாது.

வெறும் மேசையோடு யார் விடுவார்கள்? அதே மேசையில் 30 செ.மீ. உயரத்துக்குத் துண்டறிக்கைத் தாங்கி வைத்தால், அதன் பின்னால் 90 செ.மீ. வரை மறையும். அங்கே ஸ்டால்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் உச்சந்தலை 125 செ.மீ. உயரத்தில் இருந்தால் 117 செ.மீ. வரை போய்விடும். 165 செ.மீ. உயரமுள்ள ஒரு வாடிக்கையாளர் அதே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் அவருக்குப் பின்னால் 170 செ.மீ. வரை எதுவும் தெரியாது.

இந்த நான்கு எண்களையும் சேர்த்தால் ஸ்டாண்டி தானாகவே நான்கு பட்டைகளாகப் பிரிந்துவிடுகிறது. 50 செ.மீ.க்குக் கீழே இருப்பதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். 50 முதல் 120 வரை நம்ப முடியாத இடம். 120 முதல் 170 வரை கண்மட்டம். ஆள் வந்து நின்றால் இதுவும் மறையும், ஆனால் ஆள் வந்து நிற்பதற்குத்தானே ஸ்டால். 170க்கு மேலே இருப்பது கூட்டத்திலும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும்.

ஒரு மீட்டர் நெருங்கி வந்தவருக்கு மேசைக்குப் பின்னால் இருப்பதும் அடிவரை தெரியத்தான் செய்யும். ஆனால் அவர் ஏற்கெனவே உங்களிடம் பேச வந்துவிட்டவர். ஸ்டாண்டி வேலை செய்ய வேண்டியது 3 முதல் 6 மீட்டர் தொலைவில் நடந்துபோகிறவரிடம்.

## அளவெடுக்க வேண்டியது ஸ்டாண்டை

அமைப்பை ஒப்பிடும் முன் மூன்றாவது கேள்வியை முடித்துவிடலாம், ஏனென்றால் அது மூன்று அமைப்புக்கும் பொது.

ரோல்-அப் ஸ்டாண்டியில் தெரியும் உயரத்தை முடிவு செய்வது அச்சிட்ட தாளின் நீளம் அல்ல, பின்னால் நிற்கும் கம்பியின் நீளம். கம்பி மாறாது. தாள் கூடுதல் நீளமாக இருந்தால் மிச்சம் அடிப்பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். கிடப்பது எப்போதும் அடிப்பகுதிதான். “6 அடி” என்று சொல்லி, அச்சகம் சரியாக 6 அடி அச்சிட்டு, ஸ்டாண்டில் தெரியும் உயரம் அதைவிட 10 செ.மீ. குறைவாக இருந்து மிச்சம் பெட்டிக்குள் போய்விட்டால், கடைசி வரியில் போட்ட தொலைபேசி எண் பாதி விழுங்கப்பட்டு வரும். ஸ்டாண்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணும் பிழை இதுதான்.

ஆகவே அச்சகத்தில் அந்த ரக ஸ்டாண்டை விரித்துக் காட்டச் சொல்லி, இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து தாள் வெளியே வரும் பிளவுவரை, தரையிலிருந்து மேல் கிளிப்பின் கீழ்விளிம்புவரை. இந்தக் கட்டுரையின் கணக்குக்குப் பிளவு 8 செ.மீ., கிளிப் 190 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தெரியும் பகுதி 182 செ.மீ. மேலே கிளிப்புக்குள் சுமார் 1.5 செ.மீ. போகும். கீழே பெட்டிக்குள் இருக்கும் பட்டையோடு ஒட்டுவதற்கும் சற்று மிச்சம் இருப்பதற்கும் 12 செ.மீ. விடலாம். எத்தனை விட வேண்டும் என்பது ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு மாறும், அச்சகத்தாரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். மொத்தக் கோப்பு 195.5 செ.மீ.

அந்த 12 செ.மீ. வெள்ளையாக இருக்கக் கூடாது. மேலே உள்ள பின்னணி நிறமே தொடர்ந்து இறங்க வேண்டும். அப்போதுதான் இரண்டு மூன்று செ.மீ. முன்பின்னாக ஒட்டினாலும் வெளியே தெரியாது. அதே காரணத்தால் நான்கு பக்கமும் கட்டம் போட்ட பார்டர் வேண்டவே வேண்டாம். கீழ்க்கோடு பெட்டிக்குள் போய்விடும். தாள் அரை செ.மீ. கோணலாக ஏறியிருந்தாலும் பக்கக்கோடு அதைக் காட்டிக்கொடுக்கும்.

## முதல் அமைப்பு: சுவரொட்டி போல

உச்சியில் லோகோ (160 முதல் 190), நடுவில் பெரிய படம் (85 முதல் 160), அதன் கீழே செய்தி (50 முதல் 85), அடியில் முகவரியும் எண்களும் (8 முதல் 50).

டிசைனர்கள் முதலில் கொடுப்பது இதைத்தான். சுவரொட்டி, பத்திரிகை விளம்பரம் எல்லாம் இப்படித்தான் இருக்கும், கை பழகிவிட்டது. திரையில் பார்க்கவும் அழகு. முதலாளிக்கும் லோகோ பெரிதாகத் தெரிவதில் திருப்தி.

அரங்கில் என்ன ஆகும்? கண்மட்டத்தில் படம் மட்டும் நிற்கும். செய்தி நம்ப முடியாத பட்டையின் கீழ்ப்பாதியில் இருக்கிறது, துண்டறிக்கைத் தாங்கி வைத்த நிமிடமே அது போச்சு. முகவரி தெரியாத பகுதியிலேயே கிடக்கிறது. உச்சியில் கூட்டத்துக்கு மேலே தப்பிப்பது நிறுவனப் பெயர். அந்தப் பெயரை ஸ்டாலின் நெற்றிப் பலகையில் கண்காட்சி நடத்துபவர்களே வழக்கமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஸ்டாண்டியின் விலை உயர்ந்த இடத்தை ஏற்கெனவே எழுதியிருப்பதைத் திரும்ப எழுதச் செலவழிக்கிறோம்.

இருந்தாலும் இந்த அமைப்பை முழுக்கத் தள்ளிவிட முடியாது. முன்னால் எதுவுமே இல்லாமல், நுழைவாயிலிலோ விடுதி வரவேற்பறையிலோ தனியாக நிற்கும் ஸ்டாண்டிக்கு, பொருளின் தோற்றமே செய்தியாக இருக்கும்போது இது பொருந்தும். பட்டுச் சேலை, மரச் சாமான், நகை போன்றவற்றுக்கு 150 செ.மீ. உயரத்தில் நல்ல படம் நிற்பது எந்த வாசகத்தையும்விட வேலை செய்யும். அப்போதும் எண்ணையும் க்யூஆர் குறியையும் 90 செ.மீ.க்கு மேலே தூக்கிவிட வேண்டும்.

இதன் மறைமுகச் செலவு படம். 91 செ.மீ. அகலத்தை நிரப்பும் படம் அங்குலத்துக்கு 100 புள்ளி என்ற அளவிலாவது இருக்க, அகலவாக்கில் சுமார் 3,580 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது, நல்ல படப்பிடிப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்க நேரும்.

## இரண்டாம் அமைப்பு: கண்மட்டத்தில் செய்தி

உச்சியில் ஒரு மெல்லிய பட்டை (172 முதல் 190). அதில் “இந்த ஸ்டால் எதைப் பற்றியது” என்பதைச் சொல்லும் ஓரிரு சொற்கள். அதன் கீழே 138 முதல் 170 வரை முக்கியச் செய்தி, வேறெதுவும் இல்லாமல். 95 முதல் 135 வரை துணை விவரம், சிறிய லோகோ, க்யூஆர். அதற்குக் கீழே எழுத்தே இல்லை, நிறமும் படத்தின் அடிப்பகுதியும்தான்.

இது இரண்டு தொலைவுக்கும் இரண்டு தனி வேலை கொடுக்கிறது. தூரத்தில், கூட்டத்துக்குப் பின்னால் இருப்பவர் உச்சிப் பட்டையைப் பார்த்து “ஓ, இது நமக்கு வேண்டியது” என்று திரும்புகிறார். முன்னால் ஆள் இல்லாத நேரத்தில் நடந்துபோகிறவரின் கண் நேராகச் செய்தியில் விழுகிறது. உட்கார்ந்திருக்கும் ஸ்டால்காரரும் அதை மறைப்பதில்லை, ஏனென்றால் அவர் தலை மறைப்பது 117 வரைதான்.

குறை இல்லாமல் இல்லை. லோகோ சின்னதாகிவிட்டது என்ற பேச்சு கட்டாயம் வரும். நெற்றிப் பலகையைக் காட்டித்தான் சமாதானம் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து அந்த 95 முதல் 135 வரையிலான இடம். காலியாக இருக்கிறதே என்று எட்டு அம்சங்களைப் புள்ளி வைத்து அடுக்கச் சொல்வார்கள். மூன்று வரிக்கு மேல் போனால் அது துண்டறிக்கைக்கு உரியது.

படத்தையும் இதற்கேற்ப யோசிக்க வேண்டும். அடியில் வைக்கும் படம் பாதி மறைந்தாலும் புரிய வேண்டும். கீழிருந்து மேலே எழும் பொருள்கள், செடி, கம்பம், நிற்கும் ஆள் போன்றவை, இதற்குத் தோதானவை. தொட்டி மறைந்தாலும் செடி செடிதான். தரையில் கிடக்கும் பொருளின் படத்தை இங்கே வைத்தால் காசு வீண்.

## மூன்றாம் அமைப்பு: உச்சியிலிருந்தே செய்தி

செய்தி 150 முதல் 190 வரை பெரிதாக, லோகோவும் மூன்று வரி விவரமும் 110 முதல் 148 வரை, கீழே நிறம்.

கூட்டம் நிரம்பி வழியும் கண்காட்சிக்கு இது வலுவானது. வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போதும் முதல் இரண்டு வரி தலைக்கு மேலே தெரியும். உயரம் அதிகம் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு மீட்டர் அருகே நிற்பவருக்கும் 180 செ.மீ.யில் உள்ள எழுத்து கண்ணுக்கு 30 செ.மீ. மேலேதான், கழுத்து வலிக்காது.

இங்கே இருக்கும் சிக்கல் செய்தியிலேயே. ஸ்டால் எதைப் பற்றியது என்று சொல்லத் தனிப்பட்டை இல்லாததால் செய்திக்குள்ளேயே அது இருக்க வேண்டும். “உங்கள் நலனே எங்கள் லட்சியம்” என்று உச்சியில் பெரிதாக எழுதினால் எண்ணெய் விற்கிறீர்களா, காப்பீடு விற்கிறீர்களா என்று ஒருவருக்கும் தெரியாது. முதல் வரியிலேயே பொருளின் பெயர் வரும்படி வாக்கியத்தைத் திருப்பிப் போட முடிந்தால் மட்டும் இந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இதன் மறைமுகச் செலவு வெளிச்சம். ஸ்டாலின் மேலே மாட்டிய ஸ்பாட் லைட் நேராக உச்சியில்தான் விழும். பளபளப்பான லேமினேஷன் போட்டிருந்தால் எழுத்தின் நடுவே வெள்ளைத் திட்டு தெரியும். மேட் லேமினேஷன் கட்டாயம் என்பதால் செலவு கொஞ்சம் ஏறும். மற்ற இரண்டுக்கும் மேட் நல்லது, இதற்கு மட்டும் தவிர்க்க முடியாதது.

## பக்கத்தில் பக்கமாக

| | சுவரொட்டி அமைப்பு | கண்மட்ட அமைப்பு | உச்சி அமைப்பு |
|---|---|---|---|
| 150 செ.மீ. உயரத்தில் தெரிவது | படம் | முக்கியச் செய்தி | செய்தியின் கடைசி வரி |
| முன்னால் மேசையும் தாங்கியும் | செய்தி மறையும் | பாதிப்பு இல்லை | பாதிப்பு இல்லை |
| முன்னால் ஆள் உட்கார்ந்தால் | படத்தின் பாதியும் மறையும் | துணை விவரத்தின் பெரும்பகுதி மறையும் | விவரத்தின் கடைசி வரி மறையும் |
| முன்னால் ஆள் நின்றால் | லோகோவின் மேல்பகுதி மிஞ்சும் | உச்சிப் பட்டை மிஞ்சும் | செய்தியின் மேல்பாதி மிஞ்சும் |
| பெட்டிக்குள் 3 செ.மீ. கூடப் போனால் | முகவரி கெடும் | ஒன்றும் ஆகாது | ஒன்றும் ஆகாது |
| கூடுதல் செலவு | தரமான படம் | வடிவமைப்பு நேரம் | மேட் லேமினேஷன் |
| பொருந்தும் இடம் | தனியே நிற்கும் வாயில் | சாதாரண 3 × 3 மீட்டர் ஸ்டால் | நெரிசலான அரங்கு |

## உயரம் மாறினால் முடிவும் மாறும்

5 அடி ஸ்டாண்டி மலிவாக இருக்கிறதே என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதன் உச்சி தரையிலிருந்து சுமார் 160 செ.மீ.தான். 140 முதல் 160 வரையிலான கண் உயரம் என்பதே அதன் மேல் 20 செ.மீ. பகுதியில் முடிந்துவிடுகிறது. இரண்டாம் அமைப்புக்கும் மூன்றாம் அமைப்புக்கும் அங்கே வேறுபாடே கிடையாது, செய்தியை உச்சியில்தான் வைக்க முடியும். ஒருவர் முன்னால் வந்து நின்றால் ஸ்டாண்டி முழுவதுமே மறையும்.

2 மீட்டர் ஸ்டாண்டி 6 அடியைவிட 18 செ.மீ.தான் உயரம். ஆனால் அந்த 18 செ.மீ. முழுவதும் தலைகளுக்கு மேலே கிடைக்கும் இடம். உச்சி 208 செ.மீ.க்குப் போகிறது, 170க்கு மேலே 38 செ.மீ. கிடைக்கிறது. அதில் பொருளின் பெயரும் செய்தியும் இரண்டுமே அடங்கும், ஆக இரண்டாம் மூன்றாம் அமைப்புகளில் எது என்ற சங்கடமே தீர்ந்துவிடும். கூட்டம் வரும் என்று தெரிந்தால் கூடுதல் பணத்தை அகலத்தில் போடுவதைவிட இந்த உயரத்தில் போடுவதே மேல் என்பது இந்தக் கட்டுரையின் பக்கச் சார்பு.

## ஒரு ஸ்டாண்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால்

மாடித் தோட்டத்துக்குத் தானாக நீர் விடும் சொட்டுநீர்த் தொகுப்பு விற்கும் ஒரு சிறு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். 3 × 3 மீட்டர் ஸ்டால், முன்பக்கம் மேசை, அதன் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சொல்ல வேண்டிய செய்தி: “ஊருக்குப் போனாலும் செடி வாடாது.”

எழுத்தின் அளவை முதலில் பார்க்க வேண்டும். தொலைவு ஒரு மீட்டருக்கு எழுத்து ஒரு செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் தமிழுக்குப் பாதுகாப்பாக இருக்கும். தமிழில் தூரம் கூடக்கூட முதலில் மங்குவது புள்ளி. ‘ன’வா ‘ன்’னா என்று தெரியாமல் போனால் சொல்லே தடுமாறும். 6 மீட்டரிலிருந்து படிக்க 6 செ.மீ. எழுத்து வேண்டும். இதை ஃபான்ட் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபான்டின் எண்ணில் மேலே கீழே உள்ள கொம்பு, சுழிக்கான இடமும் சேர்ந்திருக்கும். ‘ப’ அல்லது ‘ட’வின் உயரத்தை அளவுகோல் வைத்து அளந்து அது 6 செ.மீ. வரும்வரை பெரிதாக்க வேண்டும்.

அகலம் 91 செ.மீ. என்றாலும் ஓரம் நாளடைவில் சுருளும். பக்கத்துக்கு 8 செ.மீ. விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 75. தமிழ் எழுத்து உயரத்தைவிட அகலம் அதிகம். 6 செ.மீ. உயரத்தில் ஒரு வரிக்கு எட்டு ஒன்பது எழுத்து அடங்கினால் பெரிது. “ஊருக்குப் போனாலும்” என்பது ஒன்பது எழுத்து, அதிலும் ‘போ’, ‘னா’ இரண்டும் இடம் பிடிப்பவை, நடுவே இடைவெளி வேறு. ஒரே வரியில் போட்டால் எழுத்தைச் சுருக்க நேரும். ஆகவே மூன்று வரி:

ஊருக்குப்
போனாலும்
செடி வாடாது

முதல் வரியின் ‘ரு’, ‘கு’ இரண்டுக்கும் கீழே இறங்கும் பகுதி உண்டு, மூன்றாம் வரியின் ‘டி’க்கு மேலே கொக்கி உண்டு. வரிக்கு வரி 11 செ.மீ. வைத்தால் இடிக்காது. மூன்று வரிக்கும் சுமார் 32 செ.மீ., அது 138க்கும் 170க்கும் இடையே சரியாக உட்காரும்.

உச்சிப் பட்டையில் “மாடித் தோட்டச் சொட்டுநீர்” என்று எழுத ஆசை வரும். பன்னிரண்டு எழுத்து என்பதால் 4.5 செ.மீ. உயரம்தான் கிடைக்கும், நான்கைந்து மீட்டருக்கு மேல் அது எட்டாது. “மாடித் தோட்டம்” என்று ஏழு எழுத்தில் நிறுத்தினால் 7 செ.மீ. வரை பெரிதாக்கலாம். தொலைவில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதும் அவ்வளவுதான்.

இந்த உயரங்களை டிசைனருக்கு அப்படியே கொடுத்தால் குழம்புவார், ஏனென்றால் அவர் திரையில் மேலிருந்து அளப்பவர். 190லிருந்து கழித்துக் கொடுக்க வேண்டும். கிளிப்புக்குள் போகும் 1.5 செ.மீ. நீங்கலாக, தெரியும் பகுதியின் உச்சியிலிருந்து: உச்சிப் பட்டை 0 முதல் 18, செய்தி 20 முதல் 52, துணை விவரமும் க்யூஆரும் 55 முதல் 95, எழுத்தில்லாத பகுதி 95 முதல் 182, பெட்டிக்குள் போவது 182 முதல் 194.

க்யூஆர் குறிக்குத் தனிக் கணக்கு. ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அதன் பக்க அளவாக இருக்க வேண்டும். மேசைக்கு முன்னால் நின்றபடி ஒன்றரை மீட்டரிலிருந்து எடுப்பதென்றால் 15 செ.மீ. சுற்றிலும் வெள்ளை ஓரம் விடாமல் இருண்ட பின்னணியில் நேரடியாக ஒட்டினால் சில போன்கள் எடுக்காது. அதைத் தரையிலிருந்து 100 முதல் 115 வரை வைக்கலாம், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். ஆனால் இந்த ஸ்டாலில் அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே? அப்படியானால் க்யூஆரை ஸ்டாண்டியிலிருந்தே எடுத்துவிட்டு, மேசைமேல் கூடார அட்டையில் 5 செ.மீ. அளவில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அல்லது ஸ்டாண்டியை மேசைக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டுப் பேனலை ஒட்டி முன்னுக்கு நகர்த்தலாம். 91 செ.மீ. ஸ்டாண்டி ஒரு மீட்டர் பேனலுக்குள் அடங்கிவிடும்.

## திரும்பப் பயன்படுத்தும் செலவு

“ஸ்டால் எண் 42”, “15 சதவீதத் தள்ளுபடி”, தேதி போன்ற எதையும் ஸ்டாண்டியில் அச்சிட வேண்டாம். ஒரு கண்காட்சியோடு அது முடிந்துவிடும். மாறும் விவரம் எல்லாம் மேசை அட்டைக்குப் போகட்டும். சுவரொட்டி அமைப்பில் முகவரி, எண், சலுகை எல்லாம் ஸ்டாண்டியிலேயே சேர்வதால், அடிக்கடி மறு அச்சு கேட்பதும் அதுதான்.

தாள் மட்டும் மாற்றலாம் என்று சொல்லித்தான் ஸ்டாண்டை விற்பார்கள். மாற்றலாம்தான். ஆனால் பெட்டியின் உருளையைப் பூட்டும் பின் போடாமல் பழைய தாளைப் பிய்த்தால் ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்துவிடும், பிறகு தாள் உள்ளே சுருளாது. மலிவு ஸ்டாண்டில் அதைத் திரும்ப இறுக்குவதற்குப் புதிது வாங்குவதே லாபம். இதை அச்சகத்தாரிடமே விட்டுவிடுவது நல்லது.

தாளும் கணக்கில் வரும். சாதாரண பிளக்ஸ், ஸ்டார் பிளக்ஸ் மலிவு. ஆனால் வெயிலில் காருக்குள் கிடந்து வந்தால் இழுபட்டு அலையாகத் தெரியும், பக்க ஓரம் உள்ளே சுருளும். ஓரம் இரண்டு செ.மீ. சுருண்டாலும் 8 செ.மீ. விட்டிருந்தால் எழுத்து தப்பும். ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த நினைத்தால் மேட் லேமினேஷன் போட்ட, கிழியாத நான்-டியர் ரகம் எடுங்கள்.

## அச்சுக்கு ஒப்புதல் கொடுக்கும் முன்

கோப்பை அனுப்பும் முன் தமிழ் எழுத்துகளைக் கர்வாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். அச்சகத்துக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் ‘போ’வின் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். மாற்றிய பிறகு ஒவ்வொரு சொல்லையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு வீட்டுச் சுவரில் 8, 50, 120, 140, 160, 170, 190 செ.மீ. உயரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். செய்திப் பகுதியை மட்டும் நிஜ அளவில் ஏ4 தாள்களில் அச்சிட்டு, சேர்த்து, அதன் இடத்தில் ஒட்டுங்கள். முன்னால் ஒரு மீட்டரில் நாற்காலி போட்டு ஒருவரை உட்கார வைத்து, 4 மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள். ஒரு டஜன் தாள் செலவில், மூன்று அமைப்பில் எது உங்கள் ஸ்டாலுக்கு என்பது தெரிந்துவிடும்.

ஸ்டாண்டி கைக்கு வந்ததும் அச்சகத்திலேயே முழுக்க விரித்துப் பாருங்கள். அடிப்பகுதியில் ஏதாவது விழுங்கப்பட்டிருந்தால் ஒரு தற்காலிக வழி உண்டு: மேல் கிளிப்பைக் கழற்றி, உச்சியிலிருந்து இரண்டு செ.மீ. கீழே பிடித்துத் திரும்ப மாட்டினால், பெட்டிக்குள் இருந்து அதே அளவு வெளியே வரும். அதற்கு உச்சிப் பட்டையின் மேல்விளிம்பில் 3 செ.மீ. வெறும் நிறமாக விட்டிருக்க வேண்டும்.